சூப்பர்வைசர் வேலைக்கு ஓ.டி. உண்டா?

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலைக்கு ஷிப்ட் சூப்பர்வைசர் தேவை என்று கன்சல்டன்சியிலிருந்து போன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "மாசம் இருபத்திரண்டாயிரம் சார். டூட்டி பன்னிரண்டு மணி நேரம்." நான்கு வருடம் மெஷினில் நின்ற டிப்ளமோக்காரருக்கு அது நல்ல தொகையாகத்தான் தெரியும்.

அவர் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் ஒரு மணிக்கு 106 ரூபாய் விழுகிறது. அதே சம்பளத்துக்கு 12 மணி நேரம் நின்றால் 70 ரூபாய்தான். கூடுதலான அந்த 4 மணிக்கு இரட்டிப்பு விகிதத்தில் ஓ.டி. கொடுத்தால், அது 8 மணிச் சம்பளத்துக்குச் சமம். அதாவது ஓ.டி. மட்டுமே மாதம் இன்னொரு 22,000 வர வேண்டும்.

வருமா? இங்கேதான் 'சூப்பர்வைசர்' என்ற பெயர் குறுக்கே நிற்கிறது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, 8 மணி நேர வரம்பையும் இரட்டிப்பு ஓ.டி.யையும் 'தொழிலாளி'க்குத்தான் தருகிறது. மேற்பார்வைப் பணியில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் வாங்குபவரை அது தொழிலாளியாகக் கொள்வதில்லை. நேற்றுவரை ஆபரேட்டராக ஓ.டி. வாங்கியவர், பதவி உயர்ந்ததும் கையில் குறைவாகப் பெறுவது இதனால்தான். அதன்பின் அவருக்கு ஓ.டி. உண்டா இல்லையா என்பதைப் பெரும்பாலும் நியமனக் கடிதம்தான் முடிவு செய்யும்.

ஆனால் பெயரை மட்டும் வைத்துச் சட்டம் முடிவு செய்வதில்லை. செய்யும் வேலையைப் பார்க்கிறது. ஆகவே முதல் கேள்வி இப்படி இருக்கட்டும்: "எனக்குக் கீழே எத்தனை பேர்? லீவு கொடுக்கும் அதிகாரம் எனக்கு உண்டா, இல்லை நானும் மெஷின் ஓட்ட வேண்டுமா?" நாள் முழுக்க மெஷின்தான் என்றால், அவர் பெயரளவில்தான் சூப்பர்வைசர்.

அடுத்தது ஓ.டி. "ஓ.டி. உண்டா?" என்று கேட்டால் "இருக்கும் சார்" என்றுதான் பதில் வரும். "இப்போது இந்த வேலையில் இருப்பவருக்குப் போன மாதம் எத்தனை மணி ஓ.டி. வந்தது? சம்பளச் சீட்டில் அது தனியாகக் காட்டப்படுகிறதா? பேசிக்கை வைத்துக் கணக்கா, மொத்தச் சம்பளத்தை வைத்தா?" என்று கேட்டால் மழுப்புவது கடினம். பணத்துக்குப் பதில் மாற்று விடுப்பு தருவார்கள் என்றால், அதை எத்தனை நாளுக்குள் எடுக்க வேண்டும் என்பதையும் கேட்டுவிட வேண்டும். கெடு முடிந்தால் அந்த நாளும் போய்விடும்.

பலரும் மறப்பது ஷிப்ட் மாற்றும் நேரம். முந்தைய ஷிப்ட்காரரிடம் கணக்கு வாங்க அரை மணி முன்னால் வருவதும், அடுத்தவரிடம் ஒப்படைக்க அரை மணி பின்னால் போவதும் சூப்பர்வைசர் தலையில்தான் விழும். மாதம் 26 மணி நேரம் இப்படியே கரையும்.

நைட் ஷிப்ட் படி எல்லாத் தொழிற்சாலைக்கும் பொதுவானதல்ல. தொகையை நிறுவனமே வைக்கிறது. ஓர் இரவுக்கு இவ்வளவா, மாதத்துக்கு இவ்வளவா, ஷிப்ட் வாரம்தோறும் மாறுமா என்பதை முதலிலேயே கேட்கலாம். சொன்ன மாதச் சம்பளத்துக்குள்ளேயே படியைச் சேர்த்துக் காட்டும் இடங்களும் உண்டு. அங்கே பகல் ஷிப்ட் வந்த மாதத்தில் சம்பளம் குறைந்துவிடும்.

பேசி முடித்த அன்றே ஒரு மெயில் போட்டுவிடலாம்: "இன்று பேசியபடி, டூட்டி எட்டு மணி நேரம், அதற்கு மேல் ஓ.டி. உண்டு, நைட் படி தனி என்று புரிந்துகொண்டேன். இவை ஆஃபர் லெட்டரில் வருமா என்று தெரிவிக்கவும்." பழைய வேலைக்கு ராஜினாமா கொடுப்பதை அதற்குப் பதில் வரும்வரை தள்ளிவைக்கலாம்.