அச்சிட்ட பாகத்தை ஓவனில் சுட்டெடுத்தல்

முப்பரிமாண அச்சுப்பொறிகளில் மிகப் பரவலாகப் பயன்படும் பிளாஸ்டிக் பிஎல்ஏ. எளிதில் அச்சாகும் இதற்கு ஒரு பெரிய குறை உண்டு: சுமார் 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே இளகிவிடும். வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் பிஎல்ஏ-வால் செய்த செல்போன் தாங்கி வளைந்து தொங்குவது இதனால்தான். அச்சிட்ட பாகத்தை ஓவனில் குறிப்பிட்ட வெப்பத்தில் வைத்துப் பதப்படுத்தினால் இந்தக் குறையைப் பெருமளவு போக்கலாம். இதற்கு அனீலிங் என்று பெயர்.

பிஎல்ஏ-வின் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். அச்சுப்பொறியின் முனையிலிருந்து உருகி வரும் இழை சில நொடிகளில் குளிர்ந்து இறுகுவதால், சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கிக்கொள்ள நேரம் கிடைப்பதில்லை, தாறுமாறாகவே உறைந்துவிடுகின்றன. அப்படி உறைந்த பிளாஸ்டிக் 60 டிகிரியைத் தாண்டியதும் ரப்பர்போலத் துவளும. அதே நிலையில் 90 முதல் 110 டிகிரி வரை வைத்திருந்தால் சங்கிலிகள் நகர்ந்து, வரிசையாக அடுக்கிப் படிகங்களாகின்றன. இந்தப் படிகங்கள் உருக 150 டிகிரிக்கு மேல் வேண்டும். எனவே 60 டிகிரியைத் தாண்டிய பிறகும் பாகத்தை அவை விறைப்பாகப் பிடித்துக்கொள்கின்றன.

படிகம் உருவாகும்போதே அளவும் மாறுகிறது. முனையிலிருந்து வரும் இழை இழுபட்டு நீண்ட நிலையில் உறைந்திருக்கிறது. இளகியதும், இழுத்து விட்ட ரப்பர் வளையம்போல அது நீளத்தில் சுருங்கிக் குறுக்கில் பருக்கிறது. இழைகள் கிடையாக ஓடுவதால் பாகம் நீள அகலங்களில் குறைந்து, உயரத்தில் சற்றுக் கூடுகிறது. நீள அகலங்களில் 2 முதல் 5 சதவீதச் சுருக்கமும், உயரத்தில் 1 முதல் 3 சதவீத வளர்ச்சியும் பொதுவாக எதிர்பார்க்கலாம். உள்நிரப்பு இழைகள் எல்லாம் ஒரே திசையில் ஓடினால் அந்தத் திசையில் சுருக்கம் அதிகமாகும். அடுக்குக்கு அடுக்கு குறுக்காக மாறி ஓடினால் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாகச் சுருங்கும்.

இழையின் தயாரிப்பு, நிறம், அச்சு வேகம் எல்லாம் சுருக்கத்தை மாற்றுவதால், அதை அளந்தே அறிய வேண்டும். செல்போன் தாங்கி ஒன்றை எடுத்துக்கொள்வோம்: நீளம் 120, உயரம் 30 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர் துளை ஒன்று. முதலில் அதே இழையில், அதே அமைப்பில் 100 × 50 × 20 அளவுள்ள சோதனைக் கட்டை ஒன்றை அச்சிட்டுப் பதப்படுத்த வேண்டும். குளிர்ந்தபின் அது 97 × 48.5 × 20.4 ஆக இருந்தால், நீள அகலங்களை 100-ஐ 97-ஆல் வகுத்த 1.031-ஆலும், உயரத்தை 20-ஐ 20.4-ஆல் வகுத்த 0.98-ஆலும் பெருக்க வேண்டும். அப்படியானால் தாங்கியை 123.7 மில்லிமீட்டர் நீளத்திலும் 29.4 மில்லிமீட்டர் உயரத்திலும் அச்சிட வேண்டும். துளையும் சேர்ந்தே சுருங்கும் என்பதால் செங்குத்தாகச் செல்லும் துளையின் விட்டமும் அதே விகிதத்தில் 8.25 ஆகிறது. மாதிரியை அச்சுக்கு ஆயத்தம் செய்யும் ஸ்லைசர் மென்பொருளிலேயே இந்த விகிதங்களைத் திசைவாரியாகக் கொடுத்துவிடலாம்.

ஓவனின் குமிழில் உள்ள எண்ணை நம்பக் கூடாது. வீட்டு ஓவன்களில் வெப்பம் பத்து டிகிரிக்கு மேல் ஏறி இறங்கும். உள்ளே தனி வெப்பமானி வைத்து, 100 டிகிரியில் நிலைபெறும்வரை காலியாகச் சூடாக்கிய பின்பே பாகத்தை வைக்க வேண்டும். சூடேறும் கம்பி செந்தழலாகும்போது அதன் நேரடிக் கதிர் ஒரு பக்கத்தை மட்டும் வளைத்துவிடும். இடையில் அலுமினியத் தாள் மறைப்பு வைக்கலாம். பாகம் ரப்பர்போல இருக்கும் தொடக்க நிமிடங்களில்தான் கைகள், கொக்கிகள் போன்ற மெல்லிய பகுதிகள் தம் எடையாலேயே தொய்கின்றன. அவற்றை உலோகத் தட்டில் நுண்ணிய மணலிலோ பொடி உப்பிலோ புதைத்து அழுத்தி வைத்தால் வடிவம் நிற்கும். ஆனால் மணல் சூடாக நேரம் பிடிப்பதால் கூடுதல் நேரம் தேவை. வெளியே வைத்த பாகத்துக்கு சுமார் ஒரு மணி நேரம் போதும். பிறகு ஓவனை அணைத்து, கதவைத் திறக்காமல் உள்ளேயே ஆறவிட வேண்டும்.

ஒளி ஊடுருவும் இழையானால் வெற்றி கண்ணுக்கே தெரியும்: படிகமானதும் பால்போல மங்கும். மற்றவற்றைச் சோதனைக் கட்டையால் அறியலாம். அதை 75 டிகிரி வெந்நீரில் சில நிமிடம் வைத்து இடுக்கியால் வளைத்துப் பார்த்தால், துவண்டால் நேரம் போதவில்லை என்று பொருள். விறைத்து நின்றால் படிகமாகிவிட்டது. ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டிருந்தால் வெப்பம் சமமாகப் பரவவில்லை. உள்நிரப்பு குறைவான பாகத்தில் மேற்பரப்பு குழிந்தால், நிரப்பையும் சுவர்களையும் கூட்டி அச்சிட வேண்டும்.

எல்லாப் பிளாஸ்டிக்கும் இப்படி மாறாது. பெட்ஜியும் ஏபிஎஸ்ஸும் படிகமாவதில்லை. ஓவன் அவற்றின் உள்ளிறுக்கத்தைத் தளர்த்தலாமே தவிர, இளகும் வெப்பத்தைக் குறிப்பிடத்தக்க அளவு உயர்த்தாது. பிஎல்ஏ-விலும் சுருக்கம் ஒவ்வொரு முறையும் சற்று வேறுபடும். ஆகவே இறுக்கமாகப் பொருந்த வேண்டிய துளைகளைச் சிறிதாக அச்சிட்டு, பதப்படுத்தி ஆறிய பின் துளையிடும் கருவியால் சரியான அளவுக்கு விரிப்பதே நம்பகமான வழி.