‘வரவே இல்லை’ என்ற நான்கு வீடியோக்கள்

கைக்கு வரவேண்டிய காசு – 9

பில்லில் என்னென்ன எழுத வேண்டும் என்று போன வாரம் பார்த்தோம். பில் போய்ச் சேர்ந்த பிறகு வரும் ஒரு போனைப் பற்றி இந்த வாரம்.

கோவையில் ஒரு ஜவுளிக் கடைக்கு 12 விளம்பர வீடியோக்கள் எடுத்துக் கொடுத்தோம். ஒன்றுக்கு 10,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து பில் 1,41,600 ரூபாய். ஒரு மாதம் கழித்துக் கணக்குப் பிரிவிலிருந்து போன். “சார், நாலு வீடியோ எங்களுக்கு வரவே இல்லீங்களாம். பில்லை நிறுத்தி வெச்சிருக்கோம்.”

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் போனில் வாதாடவில்லை. “எந்த நாலுன்னு மெயில்ல எழுதிக் கொடுங்க சார், நாளைக்குச் சாயங்காலம் பதில் சொல்றேன்” என்றேன். இதைக் கேட்டு வாங்காவிட்டால், இன்று நான்கு என்றது அடுத்த வாரம் ஆறாகிவிடும். 9 முதல் 12 வரை என்று மெயில் வந்தது.

அன்றிரவு எங்கள் பக்கத்தைத் தோண்டினேன். இங்கே மூன்று விஷயங்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்: நாம் அனுப்பினோமா, அவர்களுக்குக் கிடைத்ததா, அதை ஏற்றுக்கொண்டார்களா. 9-ஆம் வீடியோவின் டிரைவ் லிங்க்கை மெயிலில் அனுப்பியிருந்தோம். அவர்களுடைய மார்க்கெட்டிங் தம்பி “ஓகே, நல்லா இருக்கு” என்று பதில் எழுதியிருந்தார். 10-ஆம் வீடியோ கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. இதைவிட வலுவான சான்று கிடையாது. 11-ஆவது வாட்ஸ்அப்பில் மட்டும் போயிருந்தது. நீல டிக் இருந்தது. ஆனால் அது செய்தியைத் திறந்ததைத்தான் காட்டும், ஃபைலை இறக்கிக்கொண்டதைக் காட்டாது. நல்லவேளையாக, சேலையின் நிறம் மங்கலாகத் தெரிகிறது என்று அவர் திருத்தம் கேட்டிருந்தார். பார்க்காத வீடியோவுக்குத் திருத்தம் சொல்ல முடியாதே.

12-ஆவதில்தான் எனக்கு வியர்த்தது. வாட்டர்மார்க் போட்ட மாதிரி மட்டுமே போயிருந்தது. இறுதி வீடியோ எங்கள் எடிட்டரின் கம்ப்யூட்டரிலேயே கிடந்தது.

அவர்கள் பொய் சொல்லவும் இல்லை. விசாரித்தபோது தெரிந்தது: அந்தத் தம்பி வேலையை விட்டுப் போய்விட்டார். புதிதாக வந்தவர் கடையின் ஃபோல்டரைத் திறந்து எட்டுதான் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். இத்தகைய தகராறுகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான். வாங்கியவர் ஒருவர், பில்லைச் சரிபார்ப்பவர் வேறொருவர். அதனால் நம் பதில், எதுவுமே தெரியாத மூன்றாம் ஆள் படித்தாலும் புரியும்படி இருக்க வேண்டும். நான் எழுதியது இது:

“9, 10, 11 ஆகிய வீடியோக்கள் யாருக்கு, எந்தத் தேதியில், எந்த வழியாக வந்தன என்ற விவரமும் உங்கள் தரப்புப் பதில்களும் இணைப்பில் உள்ளன. மூன்றையும் புதிய லிங்க்கில் மறுபடி வைத்திருக்கிறேன். 12-ஆவது வீடியோவின் இறுதிவடிவம் உங்களுக்கு வரவில்லை, தவறு எங்களுடையது. வேண்டுமென்றால் இன்றே அனுப்புகிறேன். வேண்டாமென்றால் 11,800 ரூபாய்க்கு கிரெடிட் நோட் தருகிறேன். தகராறே இல்லாத எட்டு வீடியோக்களுக்கான 94,400 ரூபாயை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிடுங்கள்.”

12-ஆவதை ஒப்புக்கொண்டதால்தான் மற்ற மூன்றையும் அவர்கள் நம்பினார்கள் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். கடைசி வரியும் முக்கியம். நான்கைக் காட்டிப் பன்னிரண்டின் பணத்தையும் நிறுத்திவைக்க இடம் கொடுக்கக் கூடாது.

சட்டத்தை முதல் கடிதத்தில் எழுதாதீர்கள். ஆனால் தெரிந்து வைத்திருங்கள். உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனம் வேலையை ஒப்படைத்த 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபிக்காவிட்டால், ஒப்படைத்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாக 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டம் கருதுகிறது. பணம் தர எழுத்தில் எந்தத் தவணை பேசியிருந்தாலும் அது 45 நாளைத் தாண்டக் கூடாது. 9, 10, 11-க்கு இது எனக்குத் துணை நிற்கும். ஒப்படைக்கவே இல்லாத 12-க்கு நிற்காது.

இன்னொன்று. வழக்கு என்று போனால் வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நீட்டினால் போதாது. மின்னணுப் பதிவுக்கு உரிய சான்றிதழும் இணைக்க வேண்டும். அதனால் பணம் முழுதாக வரும்வரை அந்த உரையாடலை அழிக்காதீர்கள், போனையும் மாற்றிவிடாதீர்கள்.

வெள்ளிக்கிழமை 94,400 வந்தது. 12-ஆவது வீடியோவை அனுப்பி, “கிடைத்தது” என்று மெயிலில் பதில் வாங்கிக்கொண்டேன். பத்து நாளில் மீதி 47,200 ரூபாயும் வந்து சேர்ந்தது. இப்போது எங்கள் பில்லில் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும், அந்த வேலை யாரிடம் எந்தத் தேதியில் போய்ச் சேர்ந்தது என்று எழுதுகிறோம்.