காலி செய்த பிறகு எழுதுங்கள்

வாடகை வீட்டுத் தளங்களில் குடியிருந்தவர்கள் எழுதும் மதிப்புரைகளில் பெரும்பாலானவை குடிபோன முதல் சில வாரங்களில் எழுதப்பட்டவை. "நல்ல காற்றோட்டம், ஓனர் தங்கமானவர்" என்று இருக்கும். அடுத்து வரப்போகிறவருக்கு அதனால் பெரிய பயன் இல்லை. சென்னையில் ஒரு வீட்டின் குணம் மே மாதத்தில் தெரியும், ஓனரின் குணம் அட்வான்ஸைத் திருப்பித் தரும்போது தெரியும். ஆகவே பயனுள்ள மதிப்புரை, சாவியைக் கொடுத்துக் கணக்கு முடிந்த பின் எழுதப்படுவதுதான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வேளச்சேரியில் இரண்டு படுக்கையறை வீடு, முதல் மாடி. வாடகை 18,000 ரூபாய். ஊர் வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் 1,80,000. இரண்டு வருடம் இருந்துவிட்டுக் காலி செய்கிறார்கள். பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகை 18,000, கெய்சர் பழுதுக்கும் குழாய் மாற்றவும் 3,500, கடைசிக் கரண்ட் பில் 1,900 போக, மீதி 1,56,600 ரூபாய் நாற்பது நாள் கழித்து வருகிறது. இந்தக் குடும்பம் கோபத்தில் "ஓனர் மோசம், பணத்தைப் பிடித்துக்கொண்டார்" என்று எழுதினால் படிப்பவருக்கு எதுவும் விளங்காது. மேலே உள்ள நான்கு எண்களையும் நாள் கணக்கையும் அப்படியே எழுதினால் எல்லாம் விளங்கும்.

எழுதுமுன் எந்தப் பிடித்தம் நியாயம் என்று பார்த்துக்கொள்வதும் அவசியம். தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றப்பட்டு 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் இதற்கு ஓர் அட்டவணையே வைத்திருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவதும் அதில் வீட்டுக்காரர் பொறுப்பு. கெய்சர் பழுது, குழாய், சுவிட்ச் போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் நிலைமை மாறும். அப்படி எதுவும் இல்லையென்றால் நம் கணக்கில் 3,500 நியாயமான பிடித்தம், 18,000 கேள்விக்குரியது. வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள் மீதி அட்வான்ஸைத் தரவேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அந்த வகையில் பத்து நாள் தாமதம். நியாயமான பிடித்தத்தை நியாயம் என்று ஒப்புக்கொண்டு எழுதுகிறவரின் புகாரைத்தான் படிப்பவர் நம்புவார்.

அட்வான்ஸுக்கு அடுத்தபடி தண்ணீர். "தண்ணீர்ப் பிரச்சினை இல்லை" என்ற வரியை நான் நம்புவதில்லை. போர் தண்ணீர் உப்பா, மெட்ரோ வாட்டர் சம்ப்புக்கு நேரே வருகிறதா, கோடையில் லாரி வாங்கினார்களா, அந்தச் செலவு மெயின்டெனன்ஸில் அடங்கியதா, தனியாகப் பிரித்தார்களா என்று சொல்லவேண்டும். வேளச்சேரி மாதிரி இடத்தில் டிசம்பர் மழையும் முக்கியம். 2015-லும் 2023-லும் அங்கே தெருக்களில் வெள்ளம் நின்றது. முதல் மாடி வீடு நனையாமல் இருக்கலாம், கீழே நிறுத்திய வண்டி, லிஃப்ட், மோட்டார் என்ன ஆயின என்பது அங்கே இருந்தவருக்குத்தான் தெரியும்.

கரண்டில் கவனிக்கவேண்டியது சப்-மீட்டர். வீட்டுக்குத் தனி இணைப்பு இருந்தால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஓனர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வாங்கினால் அந்த நூறு யூனிட்டுக்கு மட்டும் 800 ரூபாய் கட்டுகிறோம். வாடகை குறைவு என்று வருகிறவர் இதை முன்னாலேயே அறிந்துகொள்ள வேண்டும்.

இவற்றை வைத்து எழுதினால் இப்படி வரும்: "2022 ஜூன் முதல் 2024 மே வரை இருந்தோம். போர் தண்ணீர் உப்பு, குடிக்க கேன். இரண்டு கோடையிலும் லாரி வாங்கினோம், செலவைப் பங்கு பிரித்தார்கள். கரண்ட் யூனிட்டுக்கு எட்டு ரூபாய். மோட்டார் பழுதானால் ஓனர் அன்றே ஆள் அனுப்புவார். முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்கு வந்ததில்லை. காலி செய்தபோது பெயின்டுக்கு ஒரு மாத வாடகை பிடித்தார், ஒப்பந்தத்தில் அது இல்லை. மீதி நாற்பதாவது நாள் வந்தது."

இதில் ஓனரின் பெயரோ போன் நம்பரோ ஜாதியோ இல்லை, வசைச்சொல் இல்லை. அவதூறு வழக்கு என்று யாராவது மிரட்டினால், நடந்ததை நடந்தபடி பொதுநன்மைக்காகச் சொல்வது சட்டத்தில் விதிவிலக்கு. ஆனால் அதை நிரூபிக்கும் பொறுப்பு எழுதியவருடையது. எனவே ஒப்பந்த நகல், பணம் அனுப்பிய ரசீது, பிடித்தம் பற்றி ஓனர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி மூன்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். "ஏமாற்றுக்காரர்" என்ற சொல்லுக்கு இவை ஆதாரமாகா, "18,000 பிடித்தார்" என்பதற்கு ஆகும்.

ஒரு எல்லையும் உண்டு. வீடு கைமாறினாலோ புதிய போர் போட்டாலோ பழைய மதிப்புரை செல்லாது. படிக்கிறவர் குடியிருந்த தேதியை முதலில் பார்த்து, லாரிச் செலவும் பெயின்ட் பிடித்தமும் இப்போதும் உண்டா என்று டோக்கன் அட்வான்ஸ் கொடுக்குமுன் ஓனரிடம் நேரடியாகக் கேட்டு, பதிலை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கலாம்.