வண்டி வேறு மாநிலத்துக்குப் போனால்: என்.ஓ.சி., புது எண், திரும்பி வரும் சாலை வரி

இந்தியாவில் ஒரு மாநிலத்தில் பதிவான கார் எந்த மாநிலத்திலும் ஓடலாம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 46ஆவது பிரிவு இந்த உரிமையைத் தருகிறது. அடுத்த பிரிவே அதற்கு ஓர் எல்லை வைக்கிறது. பதிவான மாநிலத்தை விட்டு வேறொரு மாநிலத்தில் வண்டி 12 மாதங்களுக்கு மேல் தங்கிவிட்டால், உரிமையாளர் அங்குள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் புதுப் பதிவெண் வாங்கியாக வேண்டும். அந்த 12 மாதம் முடிந்த பிறகு விண்ணப்பிக்க 30 நாள் அவகாசம் உண்டு.

ஆறு மாத வேலைக்காகப் பெங்களூரு போகிறவர் சென்னை எண்ணோடே போய்த் திரும்பலாம் என்பதுதான் இதன் பொருள். ஆனால் வெளிமாநில எண்ணைக் கண்டதும் ஓரங்கட்டச் சொல்லி வரி கேட்பது பெங்களூருவில் பலர் அறிந்த தொல்லை. 30 நாளுக்கு மேல் ஓடும் வெளிமாநில வண்டிகளுக்கு ஆயுள்கால வரி என்று கர்நாடக அரசு 2014இல் சட்டத் திருத்தமே கொண்டுவந்தது. 2016இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. ஆகவே 12 மாதக் கணக்கு நிற்கிறது. ஆனால் வண்டி எப்போது வந்தது என்று காட்டும் பொறுப்பு நடைமுறையில் ஓட்டுகிறவர் தலையில்தான் விழுகிறது. வாடகை ஒப்பந்தம், வண்டியை லாரியில் ஏற்றி அனுப்பிய ரசீது, சுங்கச்சாவடி தாண்டிய தேதிகள் உள்ள பாஸ்டேக் கணக்கு விவரம் ஆகியவை அப்போது கை கொடுக்கும்.

நிரந்தரமாகக் குடிபெயர்பவருக்கு வேலை மூன்று கட்டமாக வரும். பழைய ஊரில் தடையில்லாச் சான்று வாங்குவது முதல் கட்டம். புது ஊரில் வரி கட்டிப் புது எண் பெறுவது இரண்டாவது. பழைய மாநிலத்தில் கட்டிய வரியில் மிச்சத்தைத் திரும்பக் கேட்பது மூன்றாவது. இந்த வரிசையை மாற்ற முடியாது. புது மாநிலத்தில் முழுப் பணத்தையும் முதலில் கட்ட வேண்டும், பழைய பணம் பிறகுதான் வரும். இடையில் கையிலிருந்து போகும் தொகையை எதிர்பார்க்காமல் இறங்குகிறவர்கள்தான் பாதியில் தடுமாறுகிறார்கள்.

தடையில்லாச் சான்றை எல்லோரும் என்.ஓ.சி. என்றே சொல்கிறார்கள். அதற்கான விண்ணப்பம் படிவம் 28. பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணையும் சேஸிஸ் எண்ணின் கடைசி இலக்கங்களையும் கொடுத்து விண்ணப்பத்தைத் தொடங்கலாம். ஆர்.சி., நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று, முகவரிச் சான்று ஆகியவற்றோடு, சேஸிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரதியும் வேண்டும். வண்டி திருட்டு வழக்கில் சிக்கியதல்ல என்பதும், வரி பாக்கி இல்லை என்பதும் சரிபார்க்கப்பட்ட பிறகுதான் சான்று கிடைக்கும். கட்டாமல் கிடக்கும் போக்குவரத்து அபராதச் செலான் ஒன்றிருந்தாலும் கோப்பு அங்கேயே நின்றுவிடும். விண்ணப்பிக்கும் முன் செலான் பக்கத்தைத் திறந்து ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கடன் பாக்கி உள்ள வண்டி என்றால் வங்கியின் சம்மதமும் தேவை. ஆர்.சி.யில் வங்கியின் பெயர் அடமானமாகப் பதிவாகியிருக்கும். படிவம் 28இலேயே கடன் கொடுத்தவர் கையொப்பமிடும் பகுதி ஒன்று இருக்கிறது. மாதத் தவணை ஓடிக்கொண்டிருந்தாலும் வண்டியை மாற்றிக்கொண்டு போகலாம். அடமானப் பதிவு புது ஆர்.சி.க்கும் கூடவே போகும். கடன் அடைந்துவிட்டால் படிவம் 35ஐ வங்கியிடம் வாங்கி, அடமானத்தை நீக்கிவிட்டு என்.ஓ.சி. கேட்பது சுலபம். கடனை முடித்து வருடங்கள் ஆகியும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் அப்படியே இருப்பது பலருக்கு இந்த நேரத்தில்தான் தெரியவரும்.

விண்ணப்பத்தில் மிகுந்த கவனம் வேண்டிய இடம், எந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போகிறது என்று குறிப்பிடும் கட்டம். பெங்களூரு என்று மட்டும் சொன்னால் போதாது. ஒயிட்பீல்டு பக்கம் குடியேறுகிறவருக்குக் கே.ஆர்.புரம் அலுவலகம், ஜெயநகர்வாசிக்கு ஜெயநகர் அலுவலகம் என்று வீட்டு முகவரிதான் அதைத் தீர்மானிக்கிறது. வீடு முடிவாகும் முன்பே ஏதோ ஓர் அலுவலகத்தின் பெயரைப் போட்டுவிட்டு, பிறகு ஊரின் மறுமுனையில் குடியேறியவர் சிக்கலில் மாட்டிக்கொள்வார். என்.ஓ.சி. கொடுத்தவுடன் கணினியில் அந்த வண்டியின் மற்ற வேலைகள் முடங்கிவிடும். சான்றை மாற்றவோ ரத்து செய்யவோ வேண்டுமானால், அந்த வண்டி அங்கே பதிவாகவில்லை என்று போக வேண்டிய அலுவலகத்திடமிருந்து எழுதி வாங்கி வரச் சொல்வார்கள். ஒரு சின்னக் கட்டத்தில் நேர்ந்த தவறு இரண்டு ஊர்களுக்கும் அலைய வைக்கும்.

விண்ணப்பம் கிடைத்த 30 நாளுக்குள் அலுவலகம் சான்றைக் கொடுக்க வேண்டும், அல்லது காரணத்தை எழுத்தில் சொல்லி மறுக்க வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் சான்று கொடுத்ததாகவே கொள்ளலாம் என்கிறது 48ஆவது பிரிவு. விண்ணப்பித்த ரசீதையும், மறுப்பு எதுவும் வரவில்லை என்ற உறுதிமொழியையும் வைத்துக்கொண்டு புது ஊரில் விண்ணப்பிக்கவும் சட்டம் இடம் தருகிறது. ஏட்டில் இது நல்ல ஏற்பாடுதான். கணினியில் என்.ஓ.சி. பதிவாகாத வண்டியை அடுத்த அலுவலகம் தொட விரும்பாது என்பதால், ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே சான்றைக் கையில் வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம். சென்னையில் இருக்கும்போது அரை நாளில் முடியும் வேலைக்கு, பெங்களூரு போன பிறகு விடுப்பெடுத்து வர வேண்டியிருக்கும்.

புது ஊரில் விண்ணப்பம் படிவம் 27. அதோடு என்.ஓ.சி., பழைய ஆர்.சி., இன்சூரன்ஸ், புது ஊர் முகவரிச் சான்று ஆகியவை போகும். வண்டியையும் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் என்று நம் பக்கம் சொல்லப்படும் மோட்டார் வாகன ஆய்வாளர் சேஸிஸ், இன்ஜின் எண்களை ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். வண்டியின் நிறத்தை மாற்றியிருந்தாலோ, ஆர்.சி.யில் ஏற்றாமல் கேஸ் கிட் பொருத்தியிருந்தாலோ கேள்வி எழும் இடம் இது. எண்கள் துருவேறி மங்கிப் போயிருந்தால் அதைப் பழைய ஊரிலேயே கவனித்திருப்பது மேல்.

அடுத்தது வரி. சாலை வரி மாநிலங்களின் அதிகாரத்தில் உள்ளது, அதனால் விகிதம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பெரும்பாலான மாநிலங்கள் சொந்த உபயோகக் காருக்கு 15 ஆண்டுகளுக்குமான வரியை முதல் நாளிலேயே வாங்கிவிடுகின்றன. ஆயுள்கால வரி என்பது அதுதான். வெளிமாநிலத்திலிருந்து வரும் பழைய வண்டிக்கு அதன் வயதைப் பார்த்து அந்த வரியைக் குறைத்துக்கொள்வார்கள்.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். 2020 ஜூனில் சென்னையில் 8 லட்ச ரூபாய்க்கு வாங்கிய ஒரு கார். அப்போது தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்குட்பட்ட காருக்கு 10 சதவீத வரி என்பதால் 80,000 ரூபாய் கட்டப்பட்டது. 2024 ஆகஸ்டில் குடும்பம் பெங்களூரு போகிறது. கர்நாடகத்தில் 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு விகிதம் 14 சதவீதம். இதே கார் புதிதாக இருந்தால் 1,12,000 ரூபாய் ஆகும். நான்கு வயதைத் தாண்டிய வண்டிக்கு அதில் முக்கால் பங்கு, அதாவது 84,000 ரூபாய். அதன் மேல் செஸ் தனி. நான்கு ஆண்டு ஓடிய பிறகும், சென்னையில் புது வண்டிக்குக் கட்டியதைவிட அதிகமாகக் கட்ட வேண்டியிருக்கிறது. அநியாயமாகத் தோன்றினாலும் கணக்கில் பிழையில்லை. இரண்டு மாநிலங்களின் விகிதமும் வேறு, அவ்வளவுதான்.

வரி கட்டியதும் புது எண் ஒதுக்கப்படும், புது ஆர்.சி. வரும். பதிவின் காலம் புதிதாகத் தொடங்காது. முதல் பதிவு நாளிலிருந்து 15 ஆண்டு என்ற கணக்கே தொடரும். உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட்டைப் புது எண்ணோடு மாற்ற வேண்டும். இன்சூரன்ஸ் பாலிசியிலும் பாஸ்டேக்கிலும் எண்ணை மாற்றச் சொல்ல வேண்டும். பாலிசியில் பழைய எண் இருக்கும்போது விபத்து நேர்ந்தால், இழப்பீடு கேட்கும் நேரத்தில் தேவையில்லாத விளக்கங்கள் சொல்ல வேண்டி வரும்.

இனி திரும்பி வரும் பணம். சென்னையில் கட்டிய 80,000 ரூபாய் 15 ஆண்டுகளுக்கானது. ஐந்தாம் ஆண்டையும் கழித்துவிட்டு மீதி 10 ஆண்டுக்கு நேர்ப்பங்கு போட்டால் 53,000 ரூபாய்க்குச் சற்று மேல் வரும். இது தோராயமாகப் புரிந்துகொள்வதற்கான கணக்கு. உண்மையில் ஒவ்வொரு மாநிலமும் தன் வரிச் சட்டத்தில் வண்டி வயதுக்கு இத்தனை என்று அட்டவணை வைத்திருக்கிறது, அதன்படிதான் கொடுக்கும். வண்டி மூப்படைய மூப்படையத் தொகை தேய்ந்துகொண்டே போகும்.

இந்த விண்ணப்பம் என்.ஓ.சி. கொடுத்த பழைய அலுவலகத்தில் கொடுக்கப்பட வேண்டும். வண்டி போய்விட்டது என்பதற்கு என்.ஓ.சி. மட்டும் ஆதாரமாகாது. வேறு மாநிலத்தில் பதிவாகிவிட்டது என்று காட்டும் புது ஆர்.சி. வந்த பிறகே பணம் கேட்க முடியும். பழைய ஆர்.சி. நகல், என்.ஓ.சி. நகல், முதலில் வரி கட்டிய ரசீது, புது மாநிலத்தில் வரி கட்டிய ரசீது, உரிமையாளர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கின் ரத்து செய்த காசோலை ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். பழைய ஆர்.சி.யைப் புது அலுவலகத்தில் ஒப்படைக்கும் முன் இரண்டு பக்கமும் நகல் எடுத்து வைக்காதவர்கள் இந்தக் கட்டத்தில் வருந்துவார்கள். பெயரில் ஓர் எழுத்து வேறுபட்டாலும் கோப்பு திரும்பி வரும். தொகை கருவூலம் வழியாக வர மாதங்கள் பிடிக்கலாம். விண்ணப்பம் கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டு இல்லாமல் அலுவலகத்தை விட்டு வெளியே வரக் கூடாது.

அடிக்கடி மாற்றலாகிறவர்களுக்காக மத்திய அரசு 2021 செப்டம்பர் 15 முதல் பாரத் வரிசைப் பதிவைக் கொண்டுவந்தது. எண்ணில் மாநில எழுத்துக்குப் பதிலாக BH இருக்கும். மாநிலம் மாறினாலும் எண்ணை மாற்ற வேண்டாம். வரியையும் 15 ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டாமல், முதல் 14 ஆண்டுகளுக்கு இரண்டிரண்டு ஆண்டாகக் கட்டிக்கொண்டு போகலாம். இது எல்லோருக்கும் கிடைக்காது. ராணுவத்தினர், மத்திய மாநில அரசு ஊழியர்கள், பொதுத்துறை ஊழியர்கள், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்கள் ஆகியோர் மட்டுமே தகுதியுடையவர்கள். ஏற்கெனவே மாநில எண்ணில் ஓடும் வண்டியையும் இதற்கு மாற்றிக்கொள்ள 2022 டிசம்பர் அறிவிக்கை வழி செய்தது.

தகுதி இல்லாதவர்களுக்கு முன் இருக்கும் முடிவு எளிமையானது. ஓராண்டுக்குள் திரும்பும் வாய்ப்பிருந்தால் வண்டியைப் பழைய எண்ணோடே வைத்து, வந்த தேதிக்கான ஆதாரங்களைப் பத்திரப்படுத்தலாம். 12 வயதைத் தாண்டிய காராக இருந்தால், கட்ட வேண்டிய வரியையும் திரும்பக் கிடைக்கும் சொற்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். பல சமயம் அந்தக் காரைப் பழைய ஊரிலேயே விற்றுவிட்டுப் போவதுதான் லாபம்.