எச்சில் விழுங்கும்போதெல்லாம் உரசும் குழாய்

அத்தைக்குக் குடல் அடைப்பு. ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் பார்க்கப் போனேன். வயிற்றுத் தையல் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தொண்டையைத் தொட்டுக் காட்டினார். "எச்சில் முழுங்கினா முள்ளு குத்துற மாதிரி இருக்குடா. சளி பிடிச்சிருக்கு, டாக்டர்கிட்ட மாத்திரை கேளு."

சளி இல்லை, காய்ச்சலும் இல்லை. மூக்கு வழியாக இரைப்பைக்குள் போயிருந்த குழாய்தான் காரணம். 1921இல் இரைப்பை நீரைச் சோதனைக்கு எடுப்பதற்காக ஒரு குழாயை விவரித்தவர் ஜான் ஆல்ஃபிரட் ரைல் என்ற ஆங்கிலேய மருத்துவர். நம் வார்டுகளில் இன்றும் அது 'ரைல்ஸ் டியூப்'தான். அடைப்பு உள்ளவர்களுக்கு, வயிற்றில் தேங்கும் நீரையும் காற்றையும் அது வெளியே வடிக்கிறது. அத்தைக்குப் போட்டிருந்தது 16 எண் குழாய். ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்று மேல் தடிமன், பென்சிலைவிடக் கொஞ்சம் மெல்லியது.

மூக்கின் பின்புறம் வளைந்து இறங்கும் இந்தக் குழாய், குரல்வளைக்குப் பின்னால் நெருக்கமான ஓர் இடத்தைக் கடந்துதான் உணவுக்குழாய்க்குள் நுழைகிறது. அங்கே முன்னால் குரல்வளைக் குருத்தெலும்பு, பின்னால் கழுத்தெலும்பு. கழுத்தின் முன்பக்கம் விரலை வைத்துக்கொண்டு எச்சில் விழுங்கிப் பாருங்கள். குரல்வளை மேலே ஏறி இறங்குவது தெரியும். குழாய் அசையாமல் நிற்க, தொண்டைதான் அதன்மேல் ஏறி இறங்கி உரசிக்கொள்கிறது, ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தடவை. புதுச்செருப்பு குதிகாலைக் கடிக்கிற கதைதான். மல்லாந்தே படுத்திருந்தால் குரல்வளையின் கனமும் குழாயின்மேல் சாய்கிறது. தொண்டைக்கும் காதுக்கும் நரம்பு பொது என்பதால், சிலருக்கு அந்தப் பக்கத்துக் காதும் வலிக்கும்.

இதோடு வறட்சியும் சேர்கிறது. ஒரு நாசித் துவாரத்தைக் குழாய் பிடித்துக்கொண்டதால் அத்தை வாயால் மூச்சு விட்டார். வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் எச்சிலும் குறைந்துவிட்டது. போதாததற்கு ஆக்சிஜன் மாஸ்க். சாதாரணக் காற்றை மூக்கு சூடாக்கி, ஈரமாக்கித்தான் உள்ளே அனுப்பும். சுவரிலிருந்து வரும் ஆக்சிஜனிலோ ஈரம் அநேகமாக இல்லை. அது நிமிடத்துக்கு ஆறு லிட்டர் வேகத்தில், திறந்த வாய்வழியாக நேரே தொண்டையில் போய் அடித்தால் எந்தத் தொண்டைதான் தாங்கும்? பக்கத்தில் குமிழ் விடும் தண்ணீர் பாட்டில் கொஞ்சம் ஈரம் சேர்க்கும், அவ்வளவே. அதில் குடத்துத் தண்ணீரை ஊற்றிவிடக் கூடாது, கிருமி நீக்கிய நீர்தான் ஊற்ற வேண்டும்.

இன்னொரு பங்காளியும் உண்டு. முழு மயக்கத்தில் ஆபரேஷன் நடக்கும்போது மூச்சுக்குழாயில் ஒரு குழாய் இருந்திருக்கும். அதன் வலி பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும்.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். லேசான சிவப்பு, சீழ் இல்லை. ஆன்டிபயாடிக் வேண்டாம் என்றார். நர்ஸ் செய்ததுதான் பெரிய வேலை. மூக்கில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி வியர்வையில் கழன்று, தலை திரும்பும்போதெல்லாம் குழாய் இழுபட்டுக்கொண்டிருந்தது. நாசியோரத்தில் குழாயின் அளவுக்கோடு இடம் மாறவில்லை என்று சரிபார்த்து, புதிதாக ஒட்டி, கொஞ்சம் தளர்வு விட்டு, கவுனோடு சேர்த்துக் குத்தினார். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினார். "முழுங்காம கொப்பளிச்சுத் துப்புங்கம்மா" என்று இரண்டு மணிக்கொரு தடவை தண்ணீர் கொடுத்தார். சர்ஜன் சம்மதித்த பிறகு சின்ன ஐஸ் துண்டுகளும் கிடைத்தன. மாஸ்க் போய், மூக்கில் வைக்கும் மெல்லிய ஆக்சிஜன் குழாய் வந்தது. உதடு வெடிப்புக்கு நான் வாஸ்லின் எடுக்க, நர்ஸ் தடுத்தார். ஆக்சிஜன் ஓடும் இடத்தில் எண்ணெய்ப் பசை எளிதில் தீப்பற்ற உதவும், நீர் கலந்த ஜெல் போதும் என்றார்.

மரத்துப்போகச் செய்யும் மருந்தைத் தொண்டைக்குத் தருவதும் உண்டு. ஆனால் மரத்த தொண்டைக்கு எதை எங்கே விழுங்குகிறோம் என்று தெரியாது. அதனால் டாக்டர் சொல்லாமல் அதைப் பயன்படுத்தக் கூடாது, மரப்பு தெளியும்வரை எதையும் சாப்பிடவும் கூடாது. வலி தாங்காமல் நோயாளியே குழாயை உருவிவிடுவதும் நடக்கிறது. மறுபடி போடும்போது தொண்டை இன்னும் புண்ணாகும்.

மூச்சில் கீச்சென்ற சத்தம், மூச்சுத்திணறல், குரல் அடைத்துப் போவது, சொந்த எச்சிலையே விழுங்க முடியாமை, இவை தெரிந்தால் கொப்பளித்துக்கொண்டிருக்க நேரமில்லை, உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும். குரல்வளையின் பின்புறம் புண்ணாகி, குரல் நாண்கள் அசைவிழப்பது அபூர்வம்தான். ஆனால் அது மூச்சையே அடைக்கக்கூடியது. திடீரென வலியும் இருமலும் கூடினால், குழாய் வாய்க்குள் சுருண்டிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். குழாயை எடுத்து நான்கைந்து நாள் ஆகியும் வலி குறையாவிட்டால் மறுபடி காட்டுவது நல்லது.

அத்தைக்கு ஐந்தாம் நாள் காலையில் குழாயை எடுத்தார்கள். ஒரு நொடி இழுப்பு, ஒரு குமட்டல். மாலையில் தண்ணீரை மெல்ல உறிஞ்சியபோது முகம் சுளித்தார். ஏழாம் நாள் கஞ்சி இறங்கிவிட்டது, கரகரப்பு மட்டும் இன்னும் இரண்டு நாள் இருந்தது.