ஜாக்கெட் கை இறுக்குகிறதா?

போன தீபாவளிக்குத் தைத்த ஜாக்கெட். இடது கை சுலபமாக நுழைகிறது, வலது கை மட்டும் முழங்கைக்கு மேல் இறுக்குகிறது. துணி சுருங்கிவிட்டது என்று நினைத்து ஒரு தையலைப் பிரித்துவிடுவதுதான் வீட்டு வழக்கம். ஆனால் போட்டுக்கொள்பவர் வலப்பக்க மார்பகத்தில் புற்றுநோய் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் என்றால், தையலைப் பிரிப்பதற்கு முன் அதே தையல் பெட்டியில் கிடக்கும் டேப்பை எடுத்து இரண்டு கைகளையும் அளந்து பார்ப்பது நல்லது.

மார்பில் செய்த சிகிச்சைக்குக் கை ஏன் வீங்க வேண்டும்? காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறது அல்லவா? அந்த நெறிதான் நிணநீர்க் கணு. அக்குளிலும் இருபது முப்பது கணுக்கள் உண்டு. கையின் திசுக்களில் கசியும் நீர் மெல்லிய குழாய்கள் வழியாக இவற்றுக்கு வந்து, வடிகட்டப்பட்டு, மறுபடி ரத்தத்தில் சேர்கிறது. மார்பகப் புற்றுநோய் பரவும்போது முதலில் தங்குமிடமும் பெரும்பாலும் இதே கணுக்கள்தான். அதனால் அறுவை சிகிச்சையில் இவற்றையும் எடுக்கிறார்கள், சிலருக்கு அந்த இடத்தில் கதிர்வீச்சும் கொடுக்கிறார்கள். வடிகால் குறைந்துவிடுகிறது, கையில் நீர் தேங்குகிறது. மருத்துவர்கள் இதை லிம்பிடீமா என்பார்கள், தமிழில் நிணநீர் வீக்கம்.

யானைக்கால் வீக்கத்துக்கும் இதற்கும் உறவு உண்டு. அங்கே குழாயைக் கெடுப்பது கொசு கொண்டுவரும் புழு, இங்கே கத்தி. மார்பக அறுவை சிகிச்சையில் பெயர் பெற்ற அமெரிக்க மருத்துவர் ஹால்ஸ்டெட் 1921-இல் இந்தக் கை வீக்கத்துக்கு ‘அறுவை சிகிச்சை யானைக்கால்’ என்ற பொருளிலேயே பெயர் வைத்தார்.

எல்லோருக்கும் இது வருவதில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அக்குள் கணுக்களைக் கூட்டமாக எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வந்திருந்தது. முதல் ஓரிரு கணுக்களை மட்டும் எடுத்துச் சோதித்தவர்களில் இருபதில் ஒருவர் அளவுக்குத்தான். ஆகவே ‘எத்தனை கணு எடுத்தீர்கள், அக்குளுக்குக் கதிர்வீச்சு உண்டா?’ என்று டிஸ்சார்ஜ் ஆகும் முன் மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்வது அவசியம்.

இனி டேப்புக்கு வருவோம். அறுவை சிகிச்சைக்கு முன்பே ஒருமுறை அளந்துவிட வேண்டும். வலக்கைப் பழக்கம் உள்ளவருக்கு வலது கை இயல்பாகவே கொஞ்சம் பருமனாக இருக்கும் என்பதே காரணம். மணிக்கட்டில் ஓர் அளவு, முழங்கை மடிப்பிலிருந்து 10 செ.மீ. கீழே ஒன்று, 10 செ.மீ. மேலே ஒன்று. டேப் தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. மாதம் ஒருமுறை, அதே நேரத்தில், இரண்டு கைகளையும் அளந்து எழுதி வைக்க வேண்டும்.

ஓர் உதாரணக் கணக்கு. ஒரு பெண்ணுக்குச் சிகிச்சைக்கு முன் முழங்கைக்குக் கீழே வலது 22, இடது 21.5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். எட்டாம் மாதம் வலது 24.5, இடது 22. இடது கையும் அரை செ.மீ. ஏறியிருப்பது உடல் எடை கூடியதால் இருக்கலாம். இரண்டு கைகளுக்கும் இடையிலான வித்தியாசம்தான் முக்கியம். முன்பு அரை செ.மீ., இப்போது இரண்டரை. ஆக 2 செ.மீ. கூடியிருக்கிறது, மருத்துவர்கள் பரவலாக எல்லையாகக் கொள்ளும் அளவு இது. அதற்காக எல்லையைத் தொடும்வரை காத்திருக்க வேண்டும் என்றில்லை. கை கனப்பது, மோதிரமும் வளையலும் இறுக்குவது, விரல் முட்டிகள் தெரியாமல் போவது, மாலையில் வீங்கிக் காலையில் வடிவது எல்லாம் டேப்புக்கும் முன்பே வரும் தகவல்கள். விரலால் அழுத்தினால் குழி விழும் இந்தக் கட்டத்தில் போனால், அளவெடுத்துக் கொடுக்கும் அழுத்த உறையும் முறையான பயிற்சியும் வீக்கத்தை நன்றாகக் குறைக்கும். விட்டுவிட்டால் உள்ளே கொழுப்பும் நாரும் சேர்ந்து கை கெட்டிப்படும், பிறகு முழுதாக வடியாது. நீர் பிரியும் மாத்திரையைத் தானே வாங்கிப் போட்டுக்கொள்வதால் இந்த வீக்கம் சரியாகாது.

தோல் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பயம் இருக்கலாம். தேங்கிய நீரில் கிருமி பெருகுவது சுலபம். மீன் ஆயும்போது குத்தும் முள், உடைந்த கண்ணாடி வளையல், தாளிக்கும்போது தெறிக்கும் எண்ணெய், ரோஜாச் செடி, பூனையின் நகம் என்று வழி எதுவாகவும் இருக்கலாம். பாத்திரம் தேய்க்கவும் தோட்ட வேலைக்கும் கையுறை, குளித்த பின் வெடிக்காமல் இருக்க ஏதாவது ஒரு மாய்ஸ்சரைசர், அக்குளில் பிளேடுக்குப் பதில் மின்சார ஷேவர் போதும். கீறினால் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, கிருமிநாசினி மருந்து தடவ வேண்டும். கை சிவந்து, சூடாகி, குளிர்காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஆன்டிபயாட்டிக் இல்லாமல் அது அடங்காது, ஒவ்வொரு தொற்றும் மிச்சமிருக்கும் குழாய்களையும் கெடுத்துவிட்டுப் போகும்.

அந்தக் கையில் ஊசி போடக் கூடாது, பிரஷர் பார்க்கக் கூடாது என்று தாளில் அச்சடித்துக் கொடுப்பார்கள். அமெரிக்காவில் 600-க்கும் அதிகமான நோயாளிகளைத் தொடர்ந்து அளந்து 2016-இல் வெளியான ஆய்வில், ஊசிக்கும் பிரஷர் பட்டைக்கும் வீக்கத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. தொடர்பு தெரிந்தது கணு நீக்கம், அதிக உடல் எடை, தோல் தொற்று ஆகியவற்றோடு. மறு கை இருக்கும்போது அதைக் கொடுப்பதே நல்லது. அவசரத்தில் இந்தக் கையில் ஒருமுறை குத்திவிட்டார்கள் என்று தூக்கம் கெட வேண்டியதில்லை.

இதைவிடப் பெரிய தவறான நம்பிக்கை, கையை அசைக்கவே கூடாது என்பது. குடம் தூக்காதே, துணி பிழியாதே என்று வீடே காவல் நிற்கும். நிணநீரைத் தள்ள இதயம் போல் ஒரு பம்பு கிடையாது, தசை சுருங்கி விரிவதுதான் அதைத் தள்ளுகிறது. 1996-இல் கனடாவின் வான்கூவரில் டான் மெக்கென்சி என்ற விளையாட்டு மருத்துவர், சிகிச்சை முடித்த 24 பெண்களைத் துடுப்புப் படகில் ஏற்றிப் பயிற்சி கொடுத்தார். கை வீங்கும் என்று எல்லோரும் எச்சரித்தார்கள். யாருக்கும் புதிதாக வீங்கவில்லை. 2009-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஏற்கெனவே வீக்கம் இருந்த பெண்கள் மிகக் குறைந்த எடையில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டி ஓராண்டு பயிற்சி செய்தார்கள். வீக்கம் தீவிரமானவர்கள் அவர்களில், பயிற்சி செய்யாதவர்களில் இருந்ததில் பாதி அளவே. சூட்சுமம் அந்தப் ‘படிப்படியாக’வில்தான்.

அறுவை சிகிச்சைக்கு மறுநாளே ஆரம்பிக்கலாம். கையைத் தலையணைமேல் இதயத்தைவிட உயரமாக வைத்து, விரல்களை மடக்கி விரிப்பது 15 முதல் 25 முறை, முழங்கையை மடக்கி நீட்டுவது, இப்படி நாளுக்கு இரண்டு மூன்று வேளை. வடிகுழாய் எடுக்கும்வரை கையைத் தோளுக்கு மேல் தூக்க வேண்டாம் என்பார்கள். அதன்பின் சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் சுவரில் நடந்து மேலே ஏற வேண்டும். எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு, மறுநாள் அதைத் தாண்டப் பார்க்கலாம். இழுப்பது போல் இருந்தால் சரி, சுருக்கென்று குத்தினால் நிறுத்த வேண்டும். அக்குளிலிருந்து முழங்கை வரை கயிறு கட்டியது போல் ஒரு இழுப்பு சிலருக்குத் தோன்றும். பெரும்பாலும் அது பிசியோதெரபியில் தளர்ந்துவிடும்.

ஓரிரு நாளில் கை திடீரென்று வீங்கி வலித்தால் கதை வேறு. ரத்தம் உறைந்திருக்கலாம், நோய் திரும்பியிருக்கவும் கூடும். அதை மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நிணநீர் வீக்கம் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் வருகிறது. பத்தாண்டு கழித்து வந்தவர்களும் உண்டு.