பிவட் நிரலில் சும்மா பூஜ்யம் போடாதீங்க

இரண்டாவது இன்டர்னல் தேர்வில் எனக்கு Z = -20 வந்தது. லாபத்தை அதிகமாக்கச் சொன்ன கணக்கு. எதையுமே தயாரிக்காமல் சும்மா இருந்தாலே லாபம் 0. நான் ஒரு பிவட் போட்டு இருபது ரூபாய் நஷ்டத்தில் போய் நின்றேன். தப்பு ஒரே ஒரு குறியில்தான், ஆனால் அது கண்ணில் படாதபடி நானே மறைத்து வைத்திருந்தேன். எப்படின்னு பார்ப்போம்.

கணக்கு இதுதான்: Z = 5x + 4y அதிகபட்சமாகணும். நிபந்தனைகள் 3x + y ≤ 12, x + 2y ≤ 8. ஸ்லாக் மாறிகள் சேர்த்தால் முதல் சிம்ப்ளெக்ஸ் அட்டவணை கிடைக்கும். கடைசியில் "கூட்டு" என்று ஒரு நிரல் நான் சேர்த்தது. அந்தந்த நிரையில் இருக்கும் எல்லா எண்களின் கூட்டுத்தொகை, அவ்வளவுதான். (நிரைன்னா ரோ, ப்ளஸ் டூவில் படிச்சது.)

```
      x   y  s1  s2 | மதிப்பு | கூட்டு
s1    3   1   1   0 |   12   |  17
s2    1   2   0   1 |    8   |  12
Z    -5  -4   0   0 |    0   |  -9
```

Z நிரையில் மிகக் குறைந்த எண் -5. அதனால் x உள்ளே வருது. விகிதம் பார்த்தால் 12/3 = 4, 8/1 = 8. சின்னது 4, ஆக முதல் நிரை. பிவட் எண் 3.

முதல் வேலை, பிவட் நிரை முழுவதையும் 3 ஆல் வகுப்பது. கூட்டு நிரலையும் சேர்த்துத்தான். வருவது 1, 1/3, 1/3, 0, 4, கூட்டு 17/3. இங்கே 0.33 என்று எழுதும் ஆசை வரும், வேண்டாம். இந்தக் கணக்கின் சரியான இறுதி விடை 25.6. நடுவில் 0.33 போட்டால் அடுத்த பிவட்டில் 25.63 வரும். பின்னமாகவே வைத்துக்கொள்ளுங்க.

இனி மற்ற நிரைகளைத் தொடும்போது இந்தப் புது நிரையைத்தான் பயன்படுத்தணும். அவசரத்தில் கண் பழைய 3, 1, 1-க்குப் போகும். நான் பழைய நிரையைப் பென்சிலால் ஒரு கோடு போட்டு அடிச்சிடுவேன்.

s2 நிரையில் x-க்குக் கீழே இருப்பது 1. அதனால் பழைய நிரையிலிருந்து புது பிவட் நிரையை ஒரு மடங்கு கழிக்கணும்: 0, 5/3, -1/3, 1, 4. மூன்றாவது எண்ணைக் கவனிங்க. 0 - 1/3. பூஜ்யம் இருந்த இடத்தை "மாறாது" என்று அப்படியே நகல் எடுப்பவர்கள் நிறைய பேர்.

Z நிரையில்தான் என் கதை. அங்கே இருப்பது -5. மைனஸ் ஐந்து மடங்கைக் கழிப்பது என்றால் ஐந்து மடங்கைக் கூட்டுவது. நான் கழித்தேன். -4 - 5/3 = -17/3, பிறகு -5/3, கடைசியில் -20. x நிரலிலும் அதே மாதிரி செய்திருந்தால் -5 - 5 = -10 வந்து அங்கேயே மாட்டியிருப்பேன். ஆனால் "பிவட் நிரலில் மற்றதெல்லாம் பூஜ்யம்" என்று மனப்பாடம் இருந்ததால், கணக்கே போடாமல் 0 எழுதிவிட்டேன். தப்பைக் காட்டிக்கொடுக்க இருந்த ஒரே சாட்சியை நானே வெளியே அனுப்பிட்டேன்.

அதனால் அந்த 0-வையும் கணக்குப் போட்டே எழுதுங்க: -5 + 5(1) = 0. எத்தனை மடங்கு, கூட்டலா கழித்தலா என்பதை நிரைக்குப் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டு ஆரம்பிங்க.

```
      x    y     s1   s2 | மதிப்பு | கூட்டு
x     1   1/3   1/3   0  |   4    |  17/3
s2    0   5/3  -1/3   1  |   4    |  19/3
Z     0  -7/3   5/3   0  |  20    |  58/3
```

கூட்டு நிரலுக்கும் அதே செயலைத்தான் செய்யணும். Z-க்கு -9 + 5(17/3) = 58/3. இப்போ நிரையை நேரடியாகக் கூட்டிப் பாருங்க: 0 - 7/3 + 5/3 + 0 + 20 = 58/3. இரண்டும் ஒத்துப்போகுது. என் தப்பு நிரையில் செயல் வழியாக -112/3 வரும், நேரடியாகக் கூட்டினால் -82/3. வித்தியாசம் சரியாக 10. நான் விழுங்கிய அந்த -10தான்.

இந்தச் சோதனைக்கும் ஒரு எல்லை உண்டு. கூட்டல் கழித்தலை மட்டும்தான் இது பார்க்கும். பிவட்டையே தப்பாகத் தேர்ந்தெடுத்திருந்தால் கூட்டு சமர்த்தாகப் பொருந்தும். உதாரணமாக விகிதம் 8 இருந்த இரண்டாவது நிரையை எடுத்திருந்தால், முதல் நிரையின் மதிப்பு 12 - 3(8) = -12 ஆகியிருக்கும். மதிப்பு நிரலில் மைனஸ் தெரிந்தால் விகிதத்துக்குத் திரும்பிப் போங்க. கேள்வித்தாளிலிருந்து எண்ணைத் தப்பாக எழுதியிருந்தாலும் கூட்டு சொல்லாது. அதுக்கு விடையைக் கேள்வியில் போட்டுப் பார்க்கணும்: x = 4, y = 0 என்றால் Z = 20, மீதி 8 - 4 = 4. அட்டவணையும் அதையே சொல்லுது.

Z நிரையில் இன்னும் -7/3 இருப்பதால் வேலை முடியலை. அடுத்து y உள்ளே வரும், பிவட் 5/3. போட்டுப் பாருங்க; x = 16/5, y = 12/5, Z = 128/5 வரணும்.